ஏழாம் விதியும் கோர் ஃபைலும்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இருவரும் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இடம் இல்லங்குதுப்பா, எதை அழிக்கிறதுன்னு தெரியல" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரித்தேன் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்று இதை எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு உதவியாளர் வேலை. பத்தாவது, டைப்ரைட்டிங் லோயர், இவ்வளவுதான் என் படிப்பு. அதற்கு முன்னால் சிம்மக்கல்லில் ஒரு போர்டு எழுதும் கடையில் நாலு வருஷம் இருந்தேன். மளிகைக் கடைக்கும் லாட்ஜுக்கும் நிழல் விழுகிற மாதிரி எழுத்து எழுதுவேன். கம்ப்யூட்டர் லேபில் என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், டைப் அடிக்கத் தெரியும், தூசி தட்டத் தெரியும், கேள்வி கேட்க மாட்டேன். கடைசித் தகுதிதான் முக்கியமானது.

லேபில் ஒரே ஒரு மெஷின். கண்ணாடி அறைக்குள், நம் வீட்டு பீரோ உசரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதிலிருந்து ஒயர் இழுத்துப் பன்னிரண்டு டெர்மினல் போட்டிருந்தார்கள். டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மாணவர்கள் எழுதுவதெல்லாம் கண்ணாடி அறைக்குள் இருக்கிற ஒரே டிஸ்கில் போய் உட்காரும். கல்லூரிக்கே அது ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு மாணவனுக்கும் அதில் ஒரு சின்ன இடம் ஒதுக்கி, இதற்கு மேல் போகாதே என்று கோடு போட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு ஹோம் டைரக்டரி என்று பேர், கோட்டுக்கு கோட்டா என்று பேர்.

கோடு ஒன்றில்லை, இரண்டு. சின்னக் கோட்டைத் தாண்டினால் மெஷின் உடனே நிறுத்தாது. ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும், "இடம் அதிகமாகிவிட்டது, குறை" என்று எச்சரிக்கும். மூன்று தடவை எச்சரித்தும் குறைக்கவில்லை என்றால் அதன் பிறகு ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுத விடாது. பெரிய கோட்டுக்கு எச்சரிக்கையே கிடையாது. முட்டினால் அங்கேயே நிறுத்திவிடும். உங்கள் அம்மாவும் இதே முறையைத்தான் கையாளுகிறாள், கவனித்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். மெட்ராஸில் மூன்று வாரம் பயிற்சி எடுத்து வந்தவர். "மெட்ராஸ்ல எங்களுக்குச் சொல்லிக்குடுத்தப்ப" என்று தொடங்காமல் அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. அவருடைய இடத்துக்குக் கோடே கிடையாது. அதில் அவர் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருந்தார். கல்லூரி ஊழியர்கள் வீட்டில் யாருக்கு வரன் வந்தாலும் அந்த மெஷின்தான் பொருத்தம் சொல்லும். இதற்கு இடம் போதவில்லை என்று, மெஷினுக்குள்ளேயே இருந்த விளக்கப் பக்கங்களை, அதாவது எந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம் என்று மாணவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பக்கங்களை, அவரே எடுத்துவிட்டார். அச்சிட்ட புத்தகங்கள் இருந்தன. அவை பீரோவில் பூட்டியிருந்தன.

வேலையில் சேர்ந்த முதல் மாதம், "நீ போர்டு எழுதுவியாமே" என்று கூப்பிட்டார். லேபுக்கு விதிகள் சொன்னார். பத்து விதி. செருப்பைக் கழற்று, சத்தம் போடாதே, ஒரு மணி நேரம் முடிந்ததும் வெளியேறு, இப்படி. ஏழாவது விதி இது: தான் உருவாக்காத எந்த ஃபைலையும் மாணவர் அழிக்கக் கூடாது, மீறினால் லேப் அனுமதி ரத்து. நான் அதை மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து, சிவப்பு நிழல் என்று மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஏழாவது விதிக்கு மட்டும் கீழே ஒரு கோடு இழுத்தேன். யாரும் சொல்லவில்லை. அழகாக இருக்கும் என்று நானாக இழுத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருஷத்து மாணவி ஒருத்தி. அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அந்த வகுப்பில் அவளுக்கு மட்டும்தான் பெங்களூரில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒரே நிபந்தனை, ஒரு அரியரும் இல்லாமல் முடிக்க வேண்டும். பிராஜெக்ட்டை வெள்ளிக்கிழமை வெளியூர் தேர்வாளர் வந்து பார்ப்பதாக இருந்தது. ஓடினால் பாஸ். ஓடாவிட்டால் அரியர், அடுத்த வருஷம், ஆர்டர் குப்பைக்கு. மதுரை டவுன் பஸ்ஸில் எங்கே ஏறி எங்கே இறங்கினால் எங்கே போகலாம் என்று சொல்கிற புரோகிராம் அது. நல்ல வேலை. அந்த ஊரில் கண்டக்டருக்கே தெரியாத விஷயம்.

திங்கட்கிழமை அவளிடமிருந்து அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மெஷின் வழியாக ஒரு மெயில் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மெயிலைத் திரையில் படிக்க மாட்டார். "கையெழுத்துப் போட முடியாததை எதுக்குப் படிக்கணும்" என்பார். தினம் காலையில் நான் அவருக்கு வந்த மெயிலையெல்லாம் பிரிண்டரில் அடித்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கட்டி மேஜையில் வைக்க வேண்டும். பக்கத்தில் சிவப்புப் பேனா.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்கு விளங்கிய அளவில் இதுதான் விஷயம்: "ஐயா, என் பிராஜெக்ட்டை பில்ட் பண்ணும்போது ஒவ்வொரு பகுதியும் கம்பைல் ஆகிறது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து லிங்க் பண்ணும் இடத்தில் டிஸ்க் கோட்டா தாண்டிவிட்டது என்று நின்றுவிடுகிறது. என்னுடைய ஃபைல்களில் அழிக்கக்கூடியதை எல்லாம் அழித்துவிட்டேன். முதல் எச்சரிக்கையும் இன்று வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கோட்டாவைக் கொஞ்சம் கூட்டித் தர வேண்டுகிறேன்."

எழுதியதைத் துண்டு துண்டாக மெஷின் பாஷைக்கு மாற்றுவது கம்பைல், அதையெல்லாம் ஒட்டி ஓடுகிற புரோகிராமாக்குவது லிங்க், இரண்டும் சேர்ந்தது பில்ட். கோட்டாவைக் கூட்டுவது ஒரு நிமிஷ வேலை. ஒரு கட்டளை, அதில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் வரிக்கு மேலே 'பொருள்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். இரண்டு இடத்தில் காற்புள்ளி சேர்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது லெட்டரா?"

"மெயில் சார்."

"மெட்ராஸ்ல எங்களுக்குச் சொல்லிக்குடுத்தப்ப, ஆதாரம் காகிதத்துல இருக்கணும்னாங்க. வெள்ளத்தாள்ல எழுதி, கைடு கையெழுத்து வாங்கி, ஹெச்.ஓ.டி. வழியா வரச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். அவள் டெர்மினலிலிருந்து கையை எடுக்காமல், "அண்ணே, காகிதத்துல எழுதுனா டிஸ்குல இடம் வந்துருமா?" என்றாள்.

"வராது. ஆனா அவர் மேஜைக்கு வரும்."

"அப்ப மெயில் எதுக்கு வச்சிருக்காக?"

"பிரிண்ட் எடுக்க."

எழுதினாள். கைடு ஹெச்.ஓ.டி.க்கு அனுப்பினார். ஹெச்.ஓ.டி. ஓரத்தில் 'பரிசீலிக்கவும்' என்று எழுதி அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அனுப்பினார். இந்த மூன்று அறையும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்து இருந்தன. கடிதம் அந்த வராந்தாவைக் கடக்க இரண்டு நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. புதன்கிழமை பயந்து மெஷின் பக்கமே போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பதில் இறங்கியது: 'பரிசீலிக்கப்பட்டது. இயலாது. மாணவி தேவையற்ற ஃபைல்களை அழிக்கவும்.'

அந்தப் பதிலில் தப்பே இல்லை என்பதுதான் பின்னால் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பிய விஷயம். கைதவறிக் கீழே விழுந்த உண்மை அது. எது தேவையற்றது என்று கேட்டிருந்தால் அவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை லேபைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் வாய் குறையவில்லை.

"அண்ணே, இப்ப நுழைஞ்சா இது மூணாவது. வெளிய வந்துட்டு மறுபடி போனா ஒரு எழுத்துகூட எழுத விடாதாம். அதனால உள்ள போனா நான் வெளிய வர மாட்டேன். நாளைக்குத் தேர்வாளர் வர்ற வரைக்கும் அந்த நாற்காலிதேன் என் வீடு."

"ஒரு மணி நேரம் முடிஞ்சதும் வெளியேறணும்மா. மூணாம் விதி."

"விதி யாரு எழுதுனது?"

சொன்னவர் வேறு, எழுதினவன் நான். உள்ளே விட்டேன். கடைசி வரிசையில் பன்னிரண்டாவது டெர்மினலில் உட்காரவைத்து, அதன் தலையில் 'பழுது' என்ற அட்டையைத் தொங்கவிட்டேன். அடுத்த வகுப்புப் பையன்கள் வந்தார்கள். பழுதான டெர்மினலில் ஒருத்தி உட்கார்ந்து படபடவென்று அடிப்பதைப் பார்த்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். வேறு இடம் தேடிப் போனார்கள். எழுதித் தொங்கவிட்டால் போதும், நம் ஆட்கள் கண்ணை நம்ப மாட்டார்கள்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஃபைல் பட்டியலைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு இருந்தது. பஸ் விவரம் படிக்க ஒரு டைரக்டரி, வழி கண்டுபிடிக்க ஒன்று, விடை காட்ட ஒன்று என்று பிரித்து வைத்திருந்தாள். அது மட்டுமில்லை, முன்பு ஒரு நாள் எழுதியது கெட்டுப்போன பயத்தில், தினம் ராத்திரி மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்து அந்தந்தக் கிழமை பேரில் வைப்பாளாம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வரிசையாக நின்றன.

"இந்தப் பழைய நகலையெல்லாம் அழிச்சா என்னம்மா?"

"அழிச்சிட்டேன்ணே. உள்ள நான் எழுதுனது அம்புட்டையும் அழிச்சாச்சு. பாருங்க, இது மட்டுந்தேன் மிச்சம்."

பார்த்தேன். ஒவ்வொரு கிழமையிலும், ஒவ்வொரு டைரக்டரியிலும் ஒரே பேரில் ஒரு ஃபைல். கோர். அவள் எழுதிய ஃபைல் ஒவ்வொன்றும் எலிக்குட்டி மாதிரி இருக்க, இவை ஒவ்வொன்றும் எருமை மாதிரி படுத்திருந்தன.

"இது என்னது?"

"தெரியல. நான் உருவாக்கல, தானா வந்துச்சு. கோருன்னு பேரு, மெஷினோட ஆணிவேரா இருக்கும். அழிச்சா மொத்த மெஷினும் படுத்துருமாம், பசங்க சொன்னாங்க. அதுமில்லாம அங்க பாருங்க."

சுவரைக் காட்டினாள். மஞ்சள் பலகை. ஏழாவது விதி. கீழே நான் இழுத்த கோடு.

எனக்கும் அதே பயம்தான். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். சரி, பெரியவரிடமே கேட்போம் என்று அட்மினிஸ்ட்ரேட்டர் அறைக்குப் போனேன். யாரோ ஒரு பொண்ணுக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கோருன்னு ஒரு ஃபைல் இருக்கே, அது என்ன சார்?"

திரையிலிருந்து திரும்பினார். தெரியாத ஆள் தெரிந்த மாதிரி யோசிப்பதற்கு ஒரு முகம் உண்டு.

"அது சிஸ்டத்தோட மையம். தொடக் கூடாது. உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"தூசி தட்டுறப்ப பட்டுட்டா என்னன்னு கேட்டேன் சார்."

"படாம தட்டு."

வெளியே வந்தேன். அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. மெஷின் வந்தபோது கூடவே வந்த தடித் தடிப் புத்தகங்களுக்கு பிரவுன் அட்டை போட்டு, நம்பர் ஒட்டி, ஸ்டாக் ரிஜிஸ்தரில் ஏற்றியவன் நான்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டாக் சரிபார்க்க வருவார்கள். பீரோவைத் திறந்து, புத்தகங்களை எண்ணி, எண்ணிக்கை சரி என்று பூட்டிவிட்டுப் போவார்கள். அதுவரை அந்தப் புத்தகங்களை யாராவது திறந்ததுண்டா என்றால், கரப்பான் திறந்திருக்கும்.

திரும்பவும் அவர் அறைக்குப் போய், "சார், ஸ்டாக் வெரிஃபிகேஷன் வருதே, புத்தகத்துக்கெல்லாம் தூசி தட்டி வச்சிரட்டா?" என்றேன். திரையை விட்டுக் கண் எடுக்காமல் சாவியைத் தூக்கிப் போட்டார். கேள்வி கேட்காதவன் என்ற பேருக்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

துணியும் கையுமாகப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பன்னிரண்டாவது டெர்மினலுக்கு வந்தேன். நான் தூசி தட்டினேன், அவள் பக்கம் புரட்டினாள். மூன்றாவது புத்தகத்தில் விரலை வைத்தாள். ஒரு பக்கம்கூட இல்லை, சின்ன விளக்கம். படித்தாள். திரும்பப் படித்தாள். அப்புறம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னம்மா?"

"புரோகிராம் தப்பா எழுதி ஓட்டுனா பாதியில செத்துப்போகும்ல. சாகுற நேரத்துல அதோட மெமரியில என்னென்ன இருந்துச்சோ, அதை அப்பிடியே ஒரு ஃபைலா எழுதி, நாம நிக்கிற டைரக்டரியில மெஷின் போட்டுட்டுப் போகுமாம். எதனால செத்துச்சுன்னு பின்னால பாக்குறதுக்கு. அதுக்குப் பேருதேன் கோர்."

"அப்ப மெஷினோட ஆணிவேர் இல்லையா?"

"பொணம்ணே. என் புரோகிராமோட பொணம். கிழமைவாரியா நகல் எடுத்து அடுக்கி வச்சிருக்கேன். நான் எழுதுனத அழிச்சிட்டு, பொணத்துக்குக் காவல் காத்திருக்கேன்."

நான் மெதுவாக, "ஆனா நீ உருவாக்கலையே. ஏழாம் விதி..." என்றேன்.

பட்டியலில் ஒவ்வொரு கோருக்கும் நேரே இருந்த உரிமையாளர் பெயரை விரலால் தட்டினாள். அவள் பெயர்தான். "செத்தது என்னோடது. அப்ப பொணமும் என்னோடதுதேன். உங்க போர்டுக்கு எந்தக் குறையும் வராது."

உங்க போர்டு என்றாள். அட்மினிஸ்ட்ரேட்டர் போர்டு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோரை அழிக்கக் கட்டளை அடித்தாள். கடைசி பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இரண்டு பேரும் கண்ணாடி அறையை எட்டிப் பார்த்தோம். அழுத்தினாள். மெஷின் எப்போதும் போல உறுமிக்கொண்டு நின்றது. புகை இல்லை. அடுத்தது, அடுத்தது என்று எல்லாம் போனது. கோட்டாவைப் பார்த்தாள். சின்னக் கோட்டுக்கும் கீழே ரொம்ப தூரம் இறங்கியிருந்தது. அழிப்பதற்கு அந்த மெஷின் எப்போதுமே தடை சொன்னதில்லை. திங்கட்கிழமையே அழித்திருக்கலாம். எச்சரிக்கை முடிந்த பிறகுகூட அழித்திருக்கலாம். எங்களைத் தடுத்தது கோட்டா இல்லை.

பில்ட் போட்டாள். கம்பைல் ஒவ்வொன்றாக ஓடியது. லிங்க் பண்ணும் வரி வந்தது. நின்றது. ஆனால் அது எப்போதும் எடுத்துக்கொள்கிற நேரம்தான். முடிந்து, திரை அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது.

"வாரேன்ணே" என்று எழுந்து, வெளியேறும் கட்டளையை அடித்தாள். மூன்று நாளாக அவள் பயந்த ஒன்று. 'பழுது' அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இதை எங்க மாட்டணும்னு உங்களுக்கே தெரியும்" என்று அட்மினிஸ்ட்ரேட்டர் அறைப் பக்கம் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் வந்தார். ஊருக்குப் புதுசு. ஆரப்பாளையத்திலிருந்து அழகர்கோவிலுக்கு எப்படிப் போவது என்று கேட்டு, அவரே டைப் அடித்தார். சிம்மக்கல்லில் இறங்கி மாறு என்று திரை சொன்னது. "நிஜமாவா?" என்று என்னைப் பார்த்தார். "அப்படித்தான் சார் போவோம்" என்றேன். பாஸ். ஆர்டரும் நிலைத்தது.

அடுத்த திங்கட்கிழமை நான் ஒரு சுற்றறிக்கையை டைப் அடித்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர் சொல்லச் சொல்ல அடித்தது. 'மாணவர்கள் கோர் எனப்படும் தேவையற்ற ஃபைல்களை அறியாமையால் சேர்த்து வைப்பது என் கவனத்துக்கு வந்துள்ளது.' எப்படி வந்தது என்றால், பிராஜெக்ட் எப்படி ஓடியது என்று கைடு கேட்க, அவள் விவரமாகச் சொல்ல, கைடு வராந்தாவில் இவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சேதி மட்டும் வராந்தாவை அரை நிமிஷத்தில் கடந்துவிட்டது. அறியாமை என்ற சொல்லை அடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். "மெட்ராஸ்ல இதை முதல் நாளே சொல்லிக்குடுத்துட்டாங்க" என்றார்.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் நியாயமாகச் சொன்னால், அந்தப் பிள்ளை நாலு நாள் கலங்கியது அவர் பேச்சைக் கேட்டு இல்லை. அவர் பேச்சை அவள் மதித்ததே இல்லை. அவள் மதித்தது என் எழுத்தை. சிவப்பு நிழலோடு, கீழே கோடு போட்டு, சுவரில் இருந்ததால் மதித்தாள். அர்த்தம் தெரியாததை அழகாக எழுதினால் அது சட்டமாகிவிடுகிறது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு லேபைப் பூட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றித் தரையில் கிடத்தினேன். போர்டுக் கடையில் பழகிய பிரஷ்ஷும் அரை டப்பா மஞ்சள் பெயின்ட்டும் சைக்கிள் பையில் கொண்டுவந்திருந்தேன். ஏழாவது விதியின் மேல் இரண்டு பூச்சு பூசினேன். முதலில் அந்தக் கோட்டைத்தான் மறைத்தேன். காயும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எடுத்து மாட்டினேன். ஆறுக்கு அடுத்து எட்டு. நான் அங்கே வேலை பார்த்த வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை.